தளை தட்டினால் மணி அடிக்கும்!

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. தமிழ்த் தேர்வில் கணக்கைப் போல விடையைச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கேள்வி எது தெரியுமா? கட்டுரையா? கடிதமா? இரண்டும் இல்லை. "பின்வரும் குறளை அலகிட்டு வாய்பாடு தருக" என்ற கேள்விதான். பத்தாம் வகுப்புத் தமிழுக்கு இரண்டு தாள்கள் இருந்த காலத்திலும் இந்தக் கேள்வி வந்தது. 2019-20 கல்வியாண்டில் அது ஒரே தாளாக மாறிய பிறகும் விட்டுப் போகவில்லை. பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

ஆனால், நிறையப் பேர் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவதும் இதே கேள்வியில்தான். ஏன்? முத்துப்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வாள்!

மனப்பாடம் கைவிட்டது

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாளோடு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"தாத்தா, இருபது குறளுக்கு அலகிட்டு வாய்பாட்டை அப்படியே மனப்பாடம் பண்ணியிருந்தேன். அவங்க இருபத்தொண்ணாவது குறளைக் கேட்டுட்டாங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரிம்மா. இனிமே நீ பார்த்தே இருக்காத பாட்டுல பழகு. அப்பத்தான் மனப்பாடம் குறுக்கே வராது" என்றேன். நம் ஊர் அலையாத்திக் காட்டை வைத்து அப்போதே இரண்டு அடி எழுதிக் கொடுத்தேன். குறள் வெண்பாவின் அளவுதான். முதல் அடியில் 4 சீர், இரண்டாம் அடியில் 3 சீர்.

மூச்சுவேர் சேற்றில் முளைக்கும் அலையாத்தி
பேச்சின்றிக் காக்கும் கரை

படகில் ஏறிக் காயலுக்குப் போனவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் பாமணியாறும் கோரையாறும் நம் ஊர்ப் பக்கம்தான் கடலைத் தேடி வருகின்றன. அந்த முகத்துவாரச் சேற்றில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று மிகக் குறைவு. அதனால் வேர்கள் விரல் விரலாக மேலே நீண்டு மூச்சு விடுகின்றன. அவைதான் மூச்சுவேர்கள். ஒரு வார்த்தை பேசாமல் கரையைக் காக்கிற மரம் என்பது பாட்டின் பொருள்.

மாணவி பென்சிலை எடுத்தாள். கடகடவென்று வெட்டினாள். அவள் எழுதியது இதுதான்:

மூச்/சு/வேர் - நேர் நேர் நேர் - தேமாங்காய்
சேற்/றில் - நேர் நேர் - தேமா
மு/ளைக்/கும் - நேர் நேர் நேர் - தேமாங்காய்
அலை/யாத்தி - நிரை நேர் - புளிமா
பேச்/சின்/றிக் - நேர் நேர் நேர் - தேமாங்காய்
காக்/கும் - நேர் நேர் - தேமா
கரை - நிரை - பிறப்பு

பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், இதில் 4 தவறுகள் இருக்கின்றன. நீங்கள் மேலே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் தேடிப் பாருங்களேன்!

முதலில் அசை

தவறைப் பிடிப்பதற்கு முன்னால் அசையை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். அசை இரண்டே வகை. ஒன்று நேர், மற்றொன்று நிரை.

ஒரே ஓர் உயிரெழுத்தோ உயிர்மெய் எழுத்தோ இருந்தால் அது நேர். அது குறிலாக இருக்கலாம், நெடிலாகவும் இருக்கலாம். பின்னால் புள்ளி எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தாலும் நேர்தான். 'காக்' என்பதில் நெடிலும் ஒற்றும் இருக்கின்றன. 'கும்' என்பதில் குறிலும் ஒற்றும் இருக்கின்றன. இரண்டும் நேர்.

இரண்டு எழுத்து சேர்ந்தால் நிரை. ஆனால், முதல் எழுத்து கட்டாயம் குறிலாக இருக்க வேண்டும். 'அலை', 'கரை' ஆகியவை நிரை. பின்னால் ஒற்று வந்தாலும் நிரைதான். ஒற்றைத் தனியாக எண்ணக் கூடாது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. நெடில் தன்னந்தனியாக நிற்கும், பின்னால் வரும் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளாது. குறில் அப்படியில்லை. பக்கத்தில் ஓர் எழுத்து இருந்தால் அதன் கையைப் பிடித்துக்கொள்ளும். ஒற்று வந்து தடுத்தால்தான் நிற்கும். ஒற்றும் இல்லாமல் குறில் தனியாக நிற்பது சீரின் கடைசியில் மட்டும்தான். அங்கே கையைப் பிடிக்க வேறு எழுத்து இல்லையே!

இப்போது மாணவியின் முதல் சீரைப் பாருங்கள். 'மூச்' என்பது நேர், சரி. அடுத்து 'சு'. இது குறில். பின்னால் 'வேர்' காத்திருக்கிறது. சீர் இன்னும் முடியவில்லை. அப்படியானால் 'சு' தனியாக நிற்க முடியுமா? முடியாது. 'சுவேர்' என்று சேர்ந்து நிரை ஆகும். ஆகவே மூச்/சுவேர், நேர் நிரை, கூவிளம்.

"ஆனா தாத்தா, மூச்சு ஒரு சொல், வேர் இன்னொரு சொல்லாச்சே? 'சுவேர்'னு ஒண்ணு இல்லையே?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி! பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். அலகிடும்போது பொருளைப் பார்த்து வெட்டக் கூடாது, எழுத்தைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அசைக்குப் பொருள் தெரியாது. ஒரு சீருக்குள் எத்தனை சொல் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

மூன்றாம் சீரிலும் அதே தவறுதான். 'மு' குறில், பக்கத்தில் 'ளை' இருக்கிறது. சேர்ந்தால் 'முளைக்', நிரை. பிறகு 'கும்', நேர். முளைக்/கும், நிரை நேர், புளிமா.

நான்காம் சீரில் வேறு மாதிரித் தவறு. 'யாத்தி' என்பதை ஒரே அசையாக விழுங்கிவிட்டாள். 'யா' நெடில், பின்னால் 'த்' வந்ததும் அசை முடிந்துவிட்டது. மிச்சம் இருக்கும் 'தி' தனி அசை. கடைசி எழுத்து என்பதால் குறில் தனியே நிற்கலாம். அலை/யாத்/தி, நிரை நேர் நேர், புளிமாங்காய்.

வாய்பாடு மறந்துபோனால்?

தேர்வு அறையில் அசையெல்லாம் சரியாகப் பிரித்துவிட்டு, "நிரை நேர் என்றால் தேமாவா, புளிமாவா?" என்று விழிப்பவர்கள் உண்டு. கவலையே வேண்டாம். வாய்பாட்டின் பெயருக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கிறது. அந்தப் பெயரை அலகிட்டுப் பாருங்கள்.

தே/மா - நேர் நேர்
புளி/மா - நிரை நேர்
கரு/விளம் - நிரை நிரை
கூ/விளம் - நேர் நிரை

மூவசைச் சீருக்கும் இப்படித்தான். தே/மாங்/காய், நேர் நேர் நேர். புளி/மாங்/காய், நிரை நேர் நேர். கரு/விளங்/காய், நிரை நிரை நேர். கூ/விளங்/காய், நேர் நிரை நேர். அந்தந்தச் சீர் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே ஒலிக்கும் சொல்லைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எட்டுப் பெயரும் நினைவில் இருந்தால் போதும்.

மணி அடிக்கும் இடம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். பக்கத்தில் தாத்தா இல்லாதபோது மாணவி தன் தவறை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

ஒரு சீரும் அடுத்த சீரும் சேரும் கட்டுக்குத் தளை என்று பெயர். குறள் வெண்பாவில் 7 சீர், ஆகவே 6 தளைகள். வெண்பாவில் எந்தத் தளை வேண்டுமானாலும் வந்துவிட முடியாது. இரண்டு தளைகளுக்கு மட்டுமே அனுமதி. ஒன்று இயற்சீர் வெண்டளை, மற்றொன்று வெண்சீர் வெண்டளை. இதை மூன்று வரியில் வைத்துக்கொள்ளலாம்:

மா முன் நிரை
விளம் முன் நேர்
காய் முன் நேர்

அதாவது, ஒரு சீர் தேமா அல்லது புளிமா என்றால், அடுத்த சீர் நிரை அசையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால், அடுத்த சீர் நேர் அசையில் தொடங்க வேண்டும். இங்கே 'முன்' என்றால் அடுத்து வருவது என்று பொருள்.

மாணவி முதலில் எழுதிய விடையை இந்த மூன்று வரியால் சோதிப்போம்.

1ஆம் சீர் தேமாங்காய், அடுத்தது 'சேற்', நேர். காய் முன் நேர். மணி அடிக்கவில்லை.

2ஆம் சீர் தேமா. அடுத்து நிரை வர வேண்டும். அவள் எழுதியிருப்பதோ 'மு', நேர். டிங்! மணி அடித்துவிட்டது.

3ஆம் சீர் தேமாங்காய். அடுத்து நேர் வர வேண்டும். வந்திருப்பது 'அலை', நிரை. டிங்! மறுபடியும் மணி.

4ஆம் சீர் புளிமா. அடுத்து நிரை வர வேண்டும். வந்திருப்பது 'பேச்', நேர். டிங்!

5ஆம் சீர் தேமாங்காய், அடுத்து 'காக்', நேர். சரி. 6ஆம் சீர் தேமா, அடுத்து 'கரை', நிரை. சரி.

மூன்று இடத்தில் மணி அடித்திருக்கிறது. எங்கே தவறு என்பதையும் மணியே சொல்கிறது. 3ஆம் சீருக்கு முன்னாலும் அடித்தது, பின்னாலும் அடித்தது. இரண்டு பக்கமும் அடித்தால் நடுவில் இருப்பவன்தான் குற்றவாளி! 'முளைக்கும்' என்ற சீரை மறுபடி பிரித்தால் புளிமா. இரண்டு மணியும் நின்றுவிடும். அடுத்தது 4க்கும் 5க்கும் நடுவே. இரண்டு சீரையும் திரும்பப் பார்த்தால் 'யாத்தி' மாட்டிக்கொள்ளும்.

"அப்ப தளை தட்டுற மாதிரி குறளே இருக்காதா தாத்தா?"

"வள்ளுவருக்குத் தளை தட்டாதும்மா. தட்டுச்சுன்னா நம்ம கையில எங்கயோ பிழைன்னு அர்த்தம்" என்றேன்.

மணிக்குக் கேட்காத தவறு

ஆனால், கவனம்! மாணவி செய்த 4 தவறுகளில் இந்த மணி காட்டிக்கொடுத்தது இரண்டை மட்டும்தான். மற்ற இரண்டும் சத்தமில்லாமல் தப்பிவிட்டன.

ஒன்று 'மூச்சுவேர்'. அது கூவிளம், அவள் தேமாங்காய் என்று எழுதினாள். விளம் வந்தாலும் அடுத்தது நேர், காய் வந்தாலும் அடுத்தது நேர். அதனால் விளத்தைக் காய் என்று மாற்றி எழுதினால் தளை எதுவும் சொல்லாது. தேமாவுக்கும் கூவிளங்காய்க்கும் நடுவே குழப்பம் என்றால் பிடித்துவிடும். கூவிளத்துக்கும் தேமாங்காய்க்கும் நடுவே என்றால் பிடிக்காது. ஆகவே மூவசைச் சீர் என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "நடுவில் எந்தக் குறிலையாவது தனியே விட்டுவிட்டேனா?" விட்டிருந்தால் அது அடுத்த எழுத்தோடு சேர வேண்டும்.

இன்னொன்று கடைசிச் சீர். 'கரை' என்பதற்கு மாணவி 'பிறப்பு' என்று எழுதிவிட்டாள். கேட்டால், "கடைசிச் சீர் எப்பவும் பிறப்புதானே வரும்?" என்றாள். அவள் மனப்பாடம் செய்த குறள்களில் அப்படி நிறைய வந்திருக்கும் போல!

வெண்பாவின் கடைசிச் சீருக்குத் தனிச் சட்டம். அங்கே நான்கு வாய்பாடுகளில் ஒன்றுதான் வரும். அவற்றின் பெயரிலும் விடை ஒளிந்திருக்கிறது.

நாள் - நேர்
மலர் - நிரை
காசு - நேர்பு
பிறப்பு - நிரைபு

'கரை' என்பது வெறும் நிரை. அது மலர். பின்னால் ஒரு குற்றியலுகரம் ஒட்டியிருந்தால்தான் நேர்பு, நிரைபு என்ற பேச்சே வரும்.

ஒரே 'று', இரண்டு கணக்கு

இந்தக் குற்றியலுகரத்தை விளக்க இன்னொரு பாட்டு எழுதினேன்.

ஆறு கடலில் கலக்கும் இடத்திலே
சேறு படிந்தால் சிறப்பு

அலகிட்டால் இப்படி வரும்:

ஆ/று - நேர் நேர் - தேமா
கட/லில் - நிரை நேர் - புளிமா
கலக்/கும் - நிரை நேர் - புளிமா
இடத்/திலே - நிரை நிரை - கருவிளம்
சே/று - நேர் நேர் - தேமா
படிந்/தால் - நிரை நேர் - புளிமா
சிறப்/பு - நிரைபு - பிறப்பு

ஆறு, சேறு, சிறப்பு மூன்றுமே குற்றியலுகரத்தில் முடியும் சொற்கள். ஆனால், 'ஆறு' முதல் சீராக வந்ததால் அதன் 'று' ஒரு நேர் அசை. 'சேறு' என்பதும் அப்படித்தான். 'சிறப்பு' மட்டும் பாட்டின் கடைசியில் வந்ததால் அதன் 'பு' தனி அசை ஆகாமல் 'சிறப்' என்ற நிரையோடு ஒட்டிக்கொண்டு நிரைபு ஆனது. 'சிறப்பு' நடுவில் வந்திருந்தால் சிறப்/பு, நிரை நேர், புளிமா என்று எழுதியிருப்போம். 'ஆறு' கடைசியில் வந்திருந்தால் நேர்பு, காசு என்று எழுதியிருப்போம். சொல் அதேதான், இடம் மாறியதால் கணக்கு மாறுகிறது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கடைசிச் சீர் 'அது' என்றோ 'பசு' என்றோ வந்தால்? 'து', 'சு' என்று முடிவதைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டுக் காசு என்று எழுதிவிடாதீர்கள். தனிக் குறிலை அடுத்து வரும் உகரம் குறையாது, அது முற்றியலுகரம். இரண்டு குறில் சேர்ந்து நிரை, ஆகவே மலர்.

இந்தப் பாட்டின் தளைகளையும் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆறு தளையிலும் மணி அடிக்கக் கூடாது.

அணியைக் கண்டுபிடிப்பது எப்படி?

அலகிடுதல் முடிந்தால் அடுத்த கேள்வி பெரும்பாலும் அணி. "இப்பாடலில் பயின்று வந்துள்ள அணியைச் சுட்டி விளக்குக" என்று கேட்பார்கள். இங்கேயும் மாணவி இலக்கணத்தை மனப்பாடமாகச் சொன்னாள். ஆனால், புதிதாக ஒரு வரியைக் கொடுத்ததும் திண்டாடினாள். இரண்டு அணிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். குழப்பம் அதிகம் வருவது இந்த இரண்டில்தான்.

முதலில் ஏகதேச உருவகம். இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

"காவலனைப் போன்ற காடு, திருடனைப் போன்ற புயலைத் தடுத்தது."

"காடு என்னும் காவலன் புயல் என்னும் திருடனைத் தடுத்தான்."

"காடு என்னும் காவலன் விழித்திருக்க, புயல் உள்ளே வர அஞ்சியது."

முதல் வாக்கியத்தில் 'போன்ற' இருக்கிறது. காடு வேறு, காவலன் வேறு. ஒப்புமை மட்டும் சொல்கிறோம். அது உவமை அணி.

இரண்டாவதில் காடே காவலன், புயலே திருடன். இரண்டும் ஒன்றாகிவிட்டன. அது உருவக அணி.

மூன்றாவதில் காட்டைக் காவலனாக உருவகம் செய்தோம். புயலைத் திருடன் என்று சொல்லவில்லை. தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகப்படுத்திவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டோம். காவலன் என்று சொன்னவுடன் புயல் திருடன் என்பது படிப்பவர் மனதில் தானாகவே வந்துவிடுகிறது. இதுதான் ஏகதேச உருவக அணி. 'ஏகதேசம்' என்றால் ஒரு பகுதி.

ஆகவே, ஓர் உருவகத்தைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். "இதன் ஜோடியும் உருவகமாகியிருக்கிறதா?" என்று தேடுங்கள். ஜோடியும் உருவகமாகியிருந்தால் உருவகம். ஜோடி அப்படியே விடப்பட்டிருந்தால் ஏகதேச உருவகம்.

(கவிதையில் புயல் அஞ்சலாம். 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயல் அஞ்சவில்லை. நம் ஊரின் தென்னைகளையும் சாய்த்தது, அலையாத்திக் காட்டையும் சேதப்படுத்தியது. மரம் ஒரு காவலன்தான், காவலனுக்கும் அடிபடும்.)

அடுத்தது தற்குறிப்பேற்ற அணி. பெயரைப் பிரித்தால் பொருள் வந்துவிடும். தன் + குறிப்பு + ஏற்றம். இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சியின் மேல் கவிஞர் தம் கற்பனைக் காரணத்தை ஏற்றிச் சொல்வது.

"காயலுக்குப் படகில் வரும் குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்காகவே, மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே விரல் நீட்டி நிற்கின்றன."

வேர் ஏன் மேலே வந்தது? சேற்றில் காற்று போதாததால் வந்தது. அது இயற்கை. குழந்தைகளை எண்ணுவதற்காக வந்தது என்பது நம் கற்பனை. இயற்கையான காரணம் ஒன்று இருக்க, அதன் மேல் இந்தக் கற்பனையை ஏற்றிவிட்டோம்.

இங்கேதான் மாணவர்கள் தவறுகிறார்கள். கற்பனை இருந்தாலே தற்குறிப்பேற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். "வேர்கள் விரல்களைப் போல நிற்கின்றன" என்றாலும் கற்பனைதான், ஆனால் அது உவமை. தற்குறிப்பேற்றத்துக்கு ஒரு 'ஏன்' வேண்டும். "இது ஏன் நடக்கிறது?" என்ற கேள்விக்குக் கவிஞர் பொய்யான, ஆனால் அழகான ஒரு விடை சொல்லியிருக்க வேண்டும்.

விடை எழுதும்போது மூன்று பகுதி வேண்டும். அணியின் இலக்கணம், பாடல் வரி, பொருத்தம். முதல் இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். மூன்றாவதை மறந்துவிடுவார்கள். மாணவியின் விடைத்தாளிலும் அதுதான் நடந்திருந்தது. பொருத்தத்தில், இயல்பாக நடந்தது எது, கவிஞர் ஏற்றிய காரணம் எது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டே வாக்கியம் போதும். அணி புரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் முறை!

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் உடனே நம் பக்கம் வந்துவிடாது. நாம் கடைமடை ஆயிற்றே! அந்தத் தண்ணீருக்காகக் காத்திருப்பவர்களை நினைத்து எழுதிய பாட்டு இது. அலகிட்டு வாய்பாடு தருக:

காவிரி நீரைக் கடைமடை கண்டதும்
தூவிய நெல்லெல்லாம் நாற்று

அடுத்து, இவற்றில் உள்ள அணி எது என்று சொல்லுங்கள்:

அ) பாமணியாறு என்னும் தாய் ஊட்டி வளர்க்க, அலையாத்தி தழைத்து நின்றது.

ஆ) தாய் தொட்டிலை ஆட்டுவது போல, அலைகள் படகை ஆட்டின.

இ) "இந்த ஆண்டு எங்களை மறந்துவிடாதே" என்று காவிரியைக் கூப்பிடுவதற்காகவே, கடைமடை நாற்றுகள் காற்றில் கையசைத்தன.

விடையைப் பார்க்காமல் முதலில் எழுதுங்கள். பிறகு தளையை வைத்து நீங்களே திருத்துங்கள். அதற்கும் பிறகுதான் கீழே பார்க்க வேண்டும், சரியா?

விடைகள்

கா/விரி - நேர் நிரை - கூவிளம்
நீ/ரைக் - நேர் நேர் - தேமா
கடை/மடை - நிரை நிரை - கருவிளம்
கண்/டதும் - நேர் நிரை - கூவிளம்
தூ/விய - நேர் நிரை - கூவிளம்
நெல்/லெல்/லாம் - நேர் நேர் நேர் - தேமாங்காய்
நாற்/று - நேர்பு - காசு

தளை: கூவிளம் முன் 'நீ', நேர். தேமா முன் 'கடை', நிரை. கருவிளம் முன் 'கண்', நேர். கூவிளம் முன் 'தூ', நேர். கூவிளம் முன் 'நெல்', நேர். தேமாங்காய் முன் 'நாற்', நேர். மணி ஓரிடத்திலும் அடிக்கவில்லை.

'கண்டதும்' என்பதைக் கண்/ட/தும் என்று மூன்றாக வெட்டினீர்களா? அப்படியானால் தேமாங்காய் வந்திருக்கும், மணியும் அடித்திருக்காது. 'ட' என்ற குறிலைத் தனியே விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அ) ஏகதேச உருவகம். ஆற்றைத் தாயாக உருவகம் செய்து, அலையாத்தியைக் குழந்தையாக உருவகம் செய்யாமல் விட்டது.

ஆ) உவமை. 'போல' என்ற உவம உருபு வெளிப்படையாக இருக்கிறது.

இ) தற்குறிப்பேற்றம். நாற்று அசைந்தது காற்றினால். காவிரியைக் கூப்பிடுவதற்காக என்பது ஏற்றிச் சொன்ன காரணம்.

எங்கள் தெரு மாணவியிடமும் இதே கேள்விகளைக் கொடுத்தேன். 'கண்டதும்' சீரில் வழுக்கினாள். பிறகு "குறிலைத் தனியா விட்டுட்டேன் தாத்தா" என்று அவளே அழித்து எழுதினாள். மணி அடிக்காத தவறை அவளே பிடித்துவிட்டாள்! மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், திருக்குறளை எங்கேயோ பாதியில் திறந்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். இருபத்தொன்றாவது குறளைத் தேடுகிறாளாம்.